ஒரு சலுகை, மூன்று வடிவம்: கமுந்திங் மழைச்சட்டை விளம்பரத்தின் மொழியியல்

இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் சிறியது. மழைச்சட்டை விற்கும் ஒரு கடை, மழைக்காலத்திற்கென ஒரு சலுகையை அறிவிக்கிறது. அதே சலுகை கடைமுன் தொங்கும் பதாகையிலும், சமூக ஊடகப் படக்குறிப்பிலும், கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் வரவேண்டும். மூன்று இடங்களிலும் இடத்தின் அளவு வேறு. படிப்பவர் ஒதுக்கும் நேரமும் வேறு. ஆகவே சொற்கள் மாறியே தீரும். சொற்கள் மாறும்போது சலுகை மாறாமல் காப்பது எப்படி என்பதே நம் வினா. தமிழில் இவ்வினா பெரிதும் வேற்றுமை உருபைச் சார்ந்தது என்பதை இங்கே காட்ட முயல்கிறோம்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அது கமுந்திங்கில் இருக்கிறது. அதற்கு 'மழைக்கடை' என்று நாமே பெயர் வைத்துக்கொள்வோம். கடை கற்பனையாயினும் ஊரின் மழை உண்மை. கமுந்திங்கை அடுத்துள்ள தைப்பிங், தீபகற்ப மலேசியாவிலேயே மிகுதியாக மழை பெறும் நகரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் பெய்கிறது. முன்னர் மேக்ஸ்வெல் மலை எனப்பட்ட புக்கிட் லாருட் ஈரக்காற்றைத் தடுத்து நிறுத்துவதே இதற்குக் காரணம்.

1. பெயரிடுவதில் தொடங்கும் வேலை

தமிழ்நாட்டு விளம்பரங்களைப் பின்பற்றி 'பருவமழைச் சலுகை' என்று எழுதத் தோன்றும். அங்கே வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை. சொல்லும் அனுபவமும் பொருந்துகின்றன. பேராவில் அவ்வாறில்லை. இங்கே வடகிழக்குப் பருவக்காற்று என்றதும் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களின் வெள்ளமே நினைவுக்கு வரும். தைப்பிங் வட்டாரத்தில் மழை ஆண்டு முழுவதும் உண்டு; இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வலுக்கும். எனவே 'மழைக்காலச் சலுகை' என்பதே இவ்வூருக்குப் பொருந்தும் பெயர்.

விற்கும் பொருளுக்கும் பெயர் வேண்டும். 'மழையங்கி' என்பது எழுத்து வழக்கு. 'மழைக்கோட்டு' என்றால் முழங்கால்வரை தொங்கும் ஒற்றை ஆடை மனத்தில் தோன்றும். மோட்டார் ஓட்டுவோர் வாங்குவது மேற்சட்டையும் சிலுவாரும் சேர்ந்த இரட்டை ஆடை. அதனை 'மழைச்சட்டை' என்போம். மலாயில் 'பாஜு ஊஜான்' என்று நாள்தோறும் கேட்கும் காதுக்கு இச்சொல் உடனே விளங்கும். சட்டை என்றால் மேலாடை மட்டுமோ என்ற ஐயம் எழாதிருக்க 'செட்' என்னும் அளவுச் சொல்லைச் சேர்ப்போம். தேர்ந்த இச்சொல்லே மூன்று வடிவங்களிலும் வரவேண்டும். பதாகையில் மழையங்கி என்றும் குறுஞ்செய்தியில் மழைக்கோட்டு என்றும் எழுதினால், இவை இருவேறு பொருளோ என்று வாங்குபவர் மயங்குவார். ஒரு பொருள் குறித்த பல சொற்கள் செய்யுளுக்கு அழகு, விலைப்பட்டியலுக்கு இடையூறு.

2. மாறாக் கரு

வடிவங்களை எழுதத் தொடங்குமுன், சலுகையை எவ்வித அணியுமின்றி ஒரு முழு வாக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும். நம் கடைக்கு அது பின்வருமாறு அமையும்:

'பெரியவர் அளவு மழைச்சட்டை ஒரு செட்டின் விலை 45 ரிங்கிட். இரண்டு செட் வாங்குவோருக்கு இரண்டும் சேர்த்து 70 ரிங்கிட். இவ்விலை நவம்பர் 28ஆம் நாள் கடை மூடும் வரை, கமுந்திங் கடையில்.'

இவ்வாக்கியத்தில் ஐந்து உறுப்புகள் உள்ளன: எந்தப் பொருள், எத்தனை வாங்கவேண்டும், என்ன விலை, எந்நாள் வரை, எங்கே. இவற்றுள் எதையும் திரிக்கலாகாது. ஓர் உறுப்பைச் சொல்லாமல் விடலாம். ஆனால் அது படிப்பவருக்கு வேறு வழியில் தெரிந்திருக்க வேண்டும். இவ்விதியே இவ்வுரையின் மையம்.

விலையை ஏன் தள்ளுபடியாகச் சொல்லவில்லை என்று கேட்கலாம். இரண்டு செட்டின் வழக்கமான விலை 90, சலுகை விலை 70, குறைவது 20. இதனை '2க்கு 20 தள்ளுபடி' என்று சுருக்கினால், இருபது ரிங்கிட்டா, இருபது விழுக்காடா, ஒவ்வொன்றுக்குமா, மொத்தத்திற்கா என நான்கு ஐயங்கள் எழுகின்றன. இருபது ரிங்கிட் என்பது தொண்ணூறில் 22 விழுக்காட்டுக்குச் சற்று மேல்; இருபது விழுக்காடு என்றால் 18 ரிங்கிட். செலுத்தவேண்டிய தொகையைச் சொல்லிவிட்டால் கணக்கும் இல்லை, ஐயமும் இல்லை.

இனி உருபுக்கு வருவோம். '2 செட்டுக்கு 70 ரிங்கிட்', '2 செட்டும் 70 ரிங்கிட்', '70 ரிங்கிட் முதல்', '70 ரிங்கிட் வரை' என்னும் நான்கும் நான்கு வாக்குறுதிகள். முதலாவது மொத்த விலையைச் சொல்கிறது. இரண்டாவதைத் தனித்தனியே 70 என்றும் பொருள் கொள்ளலாம். மூன்றாவது தொடக்க விலை. நான்காவது உச்ச விலை. ஆங்கிலத்திலும் மலாயிலும் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் தனிச் சொற்கள் தாங்குகின்றன. தமிழில் அது பெரும்பாலும் சொல்லின் ஈற்றில் ஒட்டிக்கிடக்கிறது. இடம் போதவில்லை என்று சுருக்க முனைவோரின் கை முதலில் அந்த ஈற்றையே வெட்டுகிறது. அப்போது சலுகையின் நிபந்தனை போய்விடுகிறது.

இது வெறும் நடைக்குற்றம் அன்று. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விலை குறித்துத் திசைதிருப்பும் அறிவிப்பைத் தடை செய்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே கடை முகப்பில் சச்சரவு வந்துவிடும். ஒரு செட்டை எடுத்துக்கொண்டு 35 ரிங்கிட்டை நீட்டுபவரிடம், இரண்டு எடுத்தால்தான் அந்த விலை என்று சொல்லவேண்டிய நிலை கடைப்பணியாளருக்கு நேர்கிறது.

3. பதாகை: உருபுக்குப் பதில் அமைப்பு

பதாகையைப் படிப்பவர் பெரும்பாலும் நகர்ந்துகொண்டிருப்பவர். மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் செல்லும் மோட்டார், மூன்று நொடியில் ஏறத்தாழ 42 மீட்டரைக் கடக்கும். விளம்பரப் பலகைத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 10 அடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்துயரம் இருந்தால் எளிதாகப் படிக்கலாம். 42 மீட்டர் என்பது 138 அடி. ஆகவே ஏறத்தாழ 14 அங்குல உயரம் வேண்டும். கடைகள் வழக்கமாகக் கட்டும் பதாகை 10 அடி நீளமும் 3 அடி உயரமும் கொண்டது. மொத்த உயரமே 36 அங்குலம் என்னும்போது, மற்ற வரிகளுக்கும் இடம் விட்டால் 14 அங்குலத்தில் ஒரேயொரு வரிக்குத்தான் இடமுண்டு.

அந்த ஒரு வரியில் எதை வைப்பது? இங்கே மற்றொரு கட்டுப்பாட்டையும் கருதவேண்டும். கமுந்திங், தைப்பிங் நகராண்மைக் கழகத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. பொது இடத்தில் பதாகை கட்ட ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும்; விளம்பரங்களில் மலாய்மொழி முதன்மையாக, பிறமொழியைவிடப் பெரிதாகத் தோன்றவேண்டும். எனவே தமிழ் வரி மலாய் வரியைவிடச் சிறியதாகவே இருக்கும். ஆயினும் எண்கள் இரு மொழிக்கும் பொது. 'செட்' என்பதும் ரிங்கிட்டின் சுருக்கமும் மலாயிலும் அவ்வாறே வழங்குகின்றன. ஆகவே 14 அங்குல வரியை எண்ணுக்கு ஒதுக்கிவிடலாம்: 2 செட், 70 ரிங்கிட். அதற்கு மேலே 7 அங்குலத்தில் பொருளின் மலாய்ப் பெயர். கீழே 5 அங்குலத்தில் 'பெரியவர் மழைச்சட்டை' என்னும் தமிழ் வரி. அதன்கீழ் 4 அங்குலத்தில் இருமொழியிலும் நாள். மொத்தம் 30 அங்குலம். எஞ்சிய 6 அங்குலம் வரிகளுக்கு இடைவெளி.

இந்த இடைவெளியைக் குறைப்பது தமிழில் தவறாகும். இகர, ஈகாரக் குறிகள் எழுத்துக்கு மேலேயும் உகர, ஊகாரக் குறிகள் கீழேயும் நீளுகின்றன. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் புள்ளியும் மோதிக்கொள்ளும். தொலைவிலிருந்து பார்க்கையில் முதலில் மறைவது புள்ளிதான். ஆனால் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அறிந்த சொல்லாயின் புள்ளியின்றியும் படித்துவிடுவோம். பதாகையில் புதுச்சொல் ஆகாது, அறிந்த சொல்லே வேண்டும் என்பதற்கு இது மற்றொரு காரணம்.

பதாகையில் '2 செட்டுக்கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபை விட்டுவிட்டோம். முன்னர் சொன்னதற்கு இது முரண் அன்று. ஒரே வரியில் ஒரே அளவில் '2 செட்' என்பதும் '70' என்பதும் அடுத்தடுத்து நிற்கும்போது, அந்த அமைப்பே உருபின் வேலையைச் செய்கிறது. எண்ணை ஒரு மூலையிலும் விலையை மறு மூலையில் தனி வட்டத்திலும் வைத்தால் அவ்வுறவு அறுபடும். அப்போது 70 என்பது ஒரு செட்டின் விலையாகத் தோன்றும். இடமும் இவ்வாறே. பதாகை கடைமுன் தொங்கினால் ஊர்ப்பெயர் வேண்டா. பதாகையே 'இங்கே' என்று சுட்டுகிறது. அதே பதாகையைத் தைப்பிங் சாலைச் சந்திப்பில் கட்டினால் அச்சுட்டு பொய்யாகிவிடும். இடப்பெயரை எழுதியே ஆகவேண்டும்.

4. படக்குறிப்பு: வரிசையே உயிர்

சமூக ஊடகத்தில் இடம் தாராளம். அங்கே நேரும் பிழை சுருக்கத்தால் அன்று, வரிசையால் நேர்கிறது. மாணவர் ஒருவர் எழுதக்கூடிய முதல் வரைவைப் பார்ப்போம்:

'நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்துச்சுன்னா நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும், மழை கிளம்பிருச்சுன்னு. மோட்டார்ல வேலை முடிஞ்சு வர்றவங்க பாலத்துக்குக் கீழே ஒதுங்கி நிக்கிற காட்சி புதுசா என்ன? இனிமே நிக்க வேணாம். மழைக்கடைக்கு வாங்க. பெரியவங்க மழைச்சட்டை ரெண்டு செட் 70 வெள்ளி. இந்த வெள்ளி வரைக்கும்.'

நடை நன்று. பேச்சுத் தமிழும் 'வாங்க' என்னும் அழைப்பும் இவ்விடத்திற்கு ஏற்றவை. பதாகையில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் குறைகள் மூன்று. முதலாவது, கைப்பேசித் திரையில் படக்குறிப்பின் முதல் ஓரிரு வரிகளே தெரியும். எஞ்சியதை விரித்துப் பார்க்கவேண்டும். சலுகையோ இறுதியில் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது, 'இந்த வெள்ளி' என்னும் சுட்டு. சுட்டுச்சொல்லின் பொருள் சொல்லப்படும் நேரத்தைச் சார்ந்தது. படக்குறிப்போ இன்று எழுதப்பட்டு, பத்து நாள் கழித்து வேறொருவரால் பகிரப்படுகிறது. அன்று படிப்பவருக்கு 'இந்த வெள்ளி' வேறொரு வெள்ளி. 'இன்று', 'நாளை', 'இவ்வாரம்' என்னும் சொற்களுக்கும் இதே கதிதான்.

மூன்றாவது குறை மலேசியத் தமிழுக்கே உரியது. நம் பேச்சில் ரிங்கிட்டுக்கும் 'வெள்ளி' என்றே பெயர், வெள்ளிக்கிழமையும் வெள்ளிதான். '70 வெள்ளி. இந்த வெள்ளி வரை' என்பதைக் கேட்பவர் சிரித்துவிட்டுப் புரிந்துகொள்வார். ஆனால் நிறுத்தற்குறி தவறி 'சலுகை 28 வெள்ளி வரை' என்று அமைந்தால், அது 28ஆம் நாளா, 28 ரிங்கிட்டா என்பதை வாக்கியத்தைக்கொண்டு அறிய இயலாது. ஆகவே ஒரே குறிப்பில் பணத்தை வெள்ளி என்றால் கிழமையை 'வெள்ளிக்கிழமை' என்று முழுமையாக எழுதவேண்டும்.

திருத்திய வடிவம் இது:

'பெரியவங்க மழைச்சட்டை ரெண்டு செட்டுக்கு 70 வெள்ளி. நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, கடை மூடுற வரைக்கும்.
நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்துச்சுன்னா இனிமே பாலத்துக்குக் கீழே ஒதுங்க வேணாம். ஒரு செட்டுன்னா சட்டையும் சிலுவாரும். ஒண்ணு மட்டும் வேணும்னா வழக்கமான 45 வெள்ளிதான். சின்னப் பிள்ளைங்க அளவுக்கு இந்தச் சலுகை இல்லை. மழைக்கடை, கமுந்திங்.'

முதல் இரு வாக்கியங்களில் பொருள், எண்ணிக்கை, விலை, நாள் நான்கும் வந்துவிட்டன. இடம் இறுதியில் வருகிறது. பகிரப்பட்ட படக்குறிப்பு ஈப்போவிலும் படிக்கப்படும் என்பதால் ஊர்ப்பெயரை விடலாகாது. விலக்குகளை முழுமையாகச் சொல்ல மூன்று வடிவங்களுள் இதுவே தக்க இடம்.

5. குறுஞ்செய்தி: எழுபது இடங்கள்

குறுஞ்செய்தி ஒன்று சுமப்பது 140 பைட். ஆங்கிலமும் மலாயும் ஏழு பிட் குறியீட்டில் செல்வதால் அவற்றுக்கு 160 எழுத்துகள் கிடைக்கின்றன. தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலும் செய்தி முழுவதும் 16 பிட் குறியீட்டுக்கு மாறுகிறது; அப்போது கிடைப்பவை 70 இடங்கள். எழுபத்தொன்றாவது இடம் தேவைப்பட்டால் செய்தி இரண்டாகப் பிரியும். பிரிந்தவற்றை ஒட்டுவதற்கான குறிப்பு ஆறு பைட்டை எடுத்துக்கொள்வதால் ஒவ்வொரு பகுதிக்கும் 67 இடங்களே எஞ்சும். கடைக்காரர் இரு செய்திக்குக் கட்டணம் செலுத்துவார்.

இங்கே 'இடம்' என்பது தமிழ் எழுத்து அன்று என்பதை ஆசிரியர்கள் கருதவேண்டும். யூனிகோடில் அகர உயிர்மெய்க்கு ஓரிடம். ஏனைய உயிர்மெய்க்கு மெய்யும் குறியுமாக இரண்டிடம். புள்ளி பெற்ற மெய்க்கும் இரண்டிடம். இலக்கணத்தில் அரை மாத்திரை பெறும் மெய், இங்கே ஒரு மாத்திரை பெறும் அகர உயிர்மெய்யைப்போல் இருமடங்கு இடம் கொள்கிறது. 'மழைச்சட்டை' நம் கணக்கில் ஆறெழுத்து. கைப்பேசியின் கணக்கில் பத்து. 'கமுந்திங்' நமக்கு ஐந்து; கைப்பேசிக்கு ஒன்பது.

'எங்கள் கடையில் பெரியவர்களுக்கான மழைச்சட்டை இரண்டு செட் வாங்கினால் 70 ரிங்கிட் மட்டுமே' என்று எழுதினால் 85 இடங்கள் ஆகின்றன. நாளும் கடைப்பெயரும் இன்னும் வரவில்லை. சுருக்கிய முதல் வரைவு இது:

```
RM0 மழைக்கடை: மழைச்சட்டை 2 செட் 70 ரிங்கிட். 28.11 வரை. கமுந்திங்.
```

தொடக்கத்திலுள்ள RM0, பெறுபவருக்குக் கட்டணமில்லை என்பதைக் காட்ட மலேசியாவில் இடப்படும் குறி. மொத்தம் 66 இடங்கள். அளவுக்குள் அடங்கிவிட்டது, ஆனால் சரியன்று. பெரியவர் அளவுக்கு மட்டும் என்னும் வரையறை விடுபட்டுள்ளது. '2 செட் 70' என்பதில் உறவைக் காட்டும் உருபும் இல்லை. பதாகையில் அமைப்பு செய்த வேலையைச் செய்ய இங்கே எழுத்தளவோ வண்ணமோ கிடையாது. ஆகவே உருபு வந்தே ஆகவேண்டும். நான்கு இடங்கள்தான் மீதம்.

எதை விடலாம்? நம் விதியைக் கேட்போம்: படிப்பவருக்கு வேறு வழியில் தெரிந்தது எது? குறுஞ்செய்தி, முன்னர் கடையில் வாங்கி, எண்ணைத் தந்து இசைந்தவருக்கே செல்கிறது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விளம்பரத்துக்குத் தம் எண்ணைப் பயன்படுத்த வேண்டா என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. அத்தகையவருக்குக் கடை இருக்குமிடம் தெரியும். எனவே ஊர்ப்பெயரை விடலாம். அதனால் முன்னிருந்த இடைவெளியையும் புள்ளியையும் சேர்த்து 11 இடங்கள் மீள்கின்றன; செய்தி 55 ஆகிறது. 'பெரியவர்' என்னும் சொல்லும் இடைவெளியும் 9 இடங்கள், 64 ஆயிற்று. 'செட்' நான்கு இடம், 'செட்டுக்கு' பத்து இடம். மேலும் ஆறு சேர்த்தால் எழுபது.

```
RM0 மழைக்கடை: பெரியவர் மழைச்சட்டை 2 செட்டுக்கு 70 ரிங்கிட். 28.11 வரை.
```

மிகச் சரியாக 70. 'பெரியவர்' தனித்து நின்றால் முதியவரைக் குறிக்கும். மழைச்சட்டைக்கு அடையாக வரும்போது சிறுவர் அளவுக்கு மாறானதையே குறிக்கிறது. 'ரிங்கிட்' என்பதை 'வெள்ளி' ஆக்கினால் இரண்டு இடங்கள் மிஞ்சும் என்று தோன்றலாம். ஆனால் அடுத்து நாளும் 'வரை'யும் வருகின்றன. முன்பு கண்ட மயக்கத்திற்கு மீண்டும் வழிவிடக்கூடாது. இணைய இணைப்பைச் சேர்க்கவும் எண்ணவேண்டா. மோசடியைத் தடுக்கும் பொருட்டு இந்நாட்டில் குறுஞ்செய்தி இணைப்புகளுக்குக் கட்டுப்பாடு உள்ளது.

6. ஒப்புநோக்கும் முறை

மூன்று வடிவங்களும் முடிந்தபின் ஒரு சோதனை செய்யவேண்டும். சலுகையை அறியாத மூவரிடம் ஆளுக்கொரு வடிவத்தை மட்டும் தந்து, ஒரே வினாக்களைக் கேட்கலாம்: ஒரு செட் வாங்கினால் இந்த விலை கிடைக்குமா? இரண்டு வாங்கினால் மொத்தம் எவ்வளவு? பிள்ளைக்கு வாங்கலாமா? 28ஆம் நாள் மாலை போகலாமா? பதாகையைப் பார்த்தவர் ஒரு செட்டின் வழக்கமான விலையைச் சொல்ல இயலாது; அது குற்றமில்லை, அங்கே அதைச் சொல்லவில்லை. ஆனால் மூவருள் ஒருவர் 'தெரியவில்லை' என்பதற்கும், தவறான விடையை உறுதியாகச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது விடுபாடு, கடையில் கேட்டுத் தெளியலாம். பின்னது திரிபு, அந்த வடிவத்தை மீண்டும் எழுதவேண்டும். திரிபின் காரணம் தேடும்போது முதலில் பார்க்கவேண்டியவை மூன்று: வெட்டப்பட்ட உருபு, நேரத்தைச் சார்ந்த சுட்டு, இருபொருள் தரும் சொல்.

வகுப்பறையில் இதனைச் செய்து பார்க்க ஒரு பாடவேளை போதும். மாணவர்கள் தம் ஊர்க் கடை ஒன்றின் சலுகையை முதலில் முழு வாக்கியமாக எழுதட்டும். பிறகு எழுபது இடங்களுக்குள் கொண்டுவரட்டும். '-க்கு' என்னும் உருபுக்கு இடம் தேடி அவர்கள் வேறு எந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கிறார்கள், ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டால், நான்காம் வேற்றுமையின் பயன் நூற்பாவின் உதவியின்றியே அவர்களுக்கு விளங்கிவிடும்.